கரப்பான் அரிக்காமல் வலித்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தேவகோட்டைப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் டாக்டர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கல்லூரி மாணவி ஒருத்தியின் கழுத்து. "சார், எக்ஸிமா சீழ் பிடிச்சிருக்கு. ஆன்டிபயாடிக் எழுதிட்டேன், மூணு நாள் கழிச்சு வரச் சொல்லியிருக்கேன்." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அரிக்குதா, வலிக்குதா?" என்று கேட்டேன். அவர் அதைக் கேட்டிருக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் நானும் கேட்கவில்லை.

கரப்பான், அதாவது எக்ஸிமா உள்ள தோலில் ஹெர்பிஸ் வைரஸ் புகுந்து பரவுவதை எக்ஸிமா ஹெர்பெடிகம் என்கிறோம். பெரும்பாலும் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் போடவைக்கும் அதே வைரஸ்தான். நல்ல தோலில் அது உதட்டோரத்தோடு நின்றுவிடும். கரப்பான் தோல் வெடித்து, அதன் காப்பு குலைந்து கிடப்பதால் தடையில்லாமல் பரவும். அடிக்கடி வருகிற நோயல்ல. அதனால்தான் வரும்போது கோட்டை விடுகிறோம்.

சீழ் என்று நினைத்து ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து அனுப்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஐந்து வயதுப் பையன். கைக்குழந்தையிலிருந்தே முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான். பத்து நாள் முன்னால் கானாடுகாத்தானில் பெரிய வீட்டில் தங்கைக்குக் காது குத்து. சொந்தம் எல்லாம் கூடியிருக்கிறது. அவன் அம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "டாக்டர், எப்பவும் ராத்திரி பூரா சொறிவான். இந்தத் தடவை சொறியவே மாட்டேங்கிறான். சட்டை பட்டாலே அலர்றான்."

நோயை அவர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் காதில் ஏறவில்லை. முழங்கையில் மஞ்சள் பொருக்கு தெரிந்தது, ஆன்டிபயாடிக் சிரப் எழுதினேன், வழக்கமான ஸ்டீராய்டு க்ரீமைத் தொடரச் சொன்னேன், திங்கட்கிழமை வாங்க என்றேன்.

ஞாயிறு இரவே தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல் 102. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. புண் முழங்கையிலிருந்து கழுத்துக்கும் கன்னத்துக்கும் ஏறி, வலது இமை வீங்கியிருந்தது. அப்போதுதான் டார்ச் அடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

பணியாரச் சட்டியைக் கடுகளவுக்குச் சுருக்கித் தோலில் அழுத்தி எடுத்த மாதிரி இருந்தது. இரண்டு மூன்று மில்லிமீட்டரில், வட்டமாக, ஓரம் வெட்டினாற்போல, எல்லாம் ஒரே அளவுக் குழி. சிலவற்றில் இன்னும் கொப்புளம் உடையவில்லை; நடுவில் தொப்புள் மாதிரி சின்னப் பள்ளம். உடைந்தவற்றில் காய்ந்த ரத்தப் பொருக்கு. சாதாரணமாகச் சீழ் பிடிக்கும் கரப்பான் இப்படி இருக்காது. அது ஒழுங்கில்லாமல் படரும், தேன் காய்ந்த மாதிரி பொருக்குக் கட்டும், பெரிதும் சிறிதுமாக இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டும் சேர்ந்தே வரலாம். வைரஸ் குடைந்த குழியில் பாக்டீரியாவும் குடியேறும். ஆகவே தேன் நிறப் பொருக்கைப் பார்த்ததும் "வைரஸ் இல்லை" என்று முடிவு கட்ட முடியாது. நான் ஏமாந்தது அங்கேதான். ஆன்டிபயாடிக் கொடுத்தது தப்பில்லை, தேவையும் பட்டிருக்கலாம். ஹெர்பிஸ் வைரஸுக்கான மருந்தான அசைக்ளோவிர் கொடுக்காததுதான் தப்பு. ஸ்டீராய்டு க்ரீமால் இந்த நோய் வந்துவிடவில்லை. ஆனால் வைரஸுக்கு மருந்து இல்லாமல் க்ரீமை மட்டும் தடவச் சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதை எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதைத் தோல் டாக்டர் சொல்லட்டும்.

அன்று ராத்திரியே மதுரைக்கு அனுப்பினோம். அங்கே எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அசைக்ளோவிரை நரம்பில் ஏற்றினார்கள். சிறுநீரகத்தில் படிந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் மெதுவாக இறக்க வேண்டும், உடம்பில் நீர்ச்சத்தும் குறையக் கூடாது. கண் டாக்டர் சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் கருவிழியைப் பார்த்தார். புண் இல்லை. வைரஸ் கருவிழிக்குப் போயிருந்தால் வடு விழுந்து பார்வை மங்கியிருக்கலாம். ரத்தத்தில் தொற்று, மூளைக்காய்ச்சல் என்று போவது அரிது, ஆனால் போவதுண்டு. பையன் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான். வெள்ளிக்கிழமையே மருந்து ஆரம்பித்திருந்தால் வாயால் சாப்பிடும் மருந்தோடு முடிந்திருக்கலாம் என்பது என் கணிப்பு.

எங்கிருந்து தொற்றியது என்று பிறகு விசாரித்தேன். காது குத்துக்கு வந்த அப்பத்தாவுக்கு உதட்டோரம் கொப்புளம் இருந்திருக்கிறது. பேரனைக் கன்னத்திலும் கையிலும் முத்தமிட்டுத் தள்ளியிருக்கிறார். தொற்றி ஐந்திலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் கிளம்புவது வழக்கம். கணக்கு சரியாக இருந்தது. அப்பத்தாவிடம் யாரும் சொல்ல வேண்டாம் என்றேன், அதற்குள் சொல்லிவிட்டிருந்தார்கள்.

பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருப்பது

கொப்புளத்தின் அடியைச் சுரண்டிப் பிசிஆர் சோதனைக்கு அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். சந்தேகம் வந்த அந்த நேரத்திலேயே மருந்தைத் தொடங்கிவிட்டு அனுப்ப வேண்டும். முடிவு வர ஓரிரு நாள் ஆகும். வைரஸ் அதுவரைக்கும் சும்மா இருக்காது.

அம்மை என்று வீட்டில் படுக்கவைப்பது

நம் ஊரில் கொப்புளமும் காய்ச்சலும் சேர்ந்தாலே ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நம்பிக்கையோடு நான் சண்டைக்குப் போவதில்லை. வேப்பிலை வாசலில் இருக்கட்டும், குழந்தை என் முன்னால் இருக்க வேண்டும். சின்னம்மையில் கொப்புளம் உடம்பு முழுக்கச் சிதறியிருக்கும். புதிது, பழுத்தது, காய்ந்தது எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும். இதில் ஏற்கெனவே கரப்பான் இருந்த இடத்தில் கொத்துக் கொத்தாக, ஒரே பருவத்தில், ஒரே அளவில் இருக்கும்.

அக்கி எழுதுவது

"இது அக்கி" என்று பெரியவர்கள் சொல்வது ஒரு விதத்தில் சரிதான். வைரஸ்கள் பங்காளிகள். ஆனால் உடைந்த புண் மேல் காவி பூசினால் தொற்று கூடும், அடியில் என்ன நடக்கிறதென்று எனக்கும் தெரியாது.

உதட்டுக்குப் போடும் க்ரீமைத் தடவுவது

போதாது.

மருந்துக்கடையில் "சொறிக்கு ஒரு ட்யூப்"

வேண்டாம்.

காய்ச்சல் இல்லை, காலையில் போகலாம் என்பது

காய்ச்சல் பின்னாலும் வரும். வலியும் கொத்துக் குழிகளும் இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். கண்ணைச் சுற்றி இருந்தாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கைக்குழந்தையாக இருந்தாலோ நேரே பெரிய ஆஸ்பத்திரி. வண்டி இல்லையென்றால் 108.

அந்தக் கல்லூரி மாணவிக்குக் காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது, கண் பக்கம் ஒன்றும் இல்லை. இளம் டாக்டர் உடனே அவளைக் கூப்பிட்டு, ஒரு நாளைக்கு ஐந்து வேளை அசைக்ளோவிர் மாத்திரை தொடங்கினார். அன்றைக்கே தோல் டாக்டரிடமும் காட்டினார்.

ஒரு தடவை வந்தாச்சு, இனி வராது என்பது

வரும். அந்தப் பையனுக்கு எட்டு வயதில் திரும்ப வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் கழுத்தில் நாலே நாலு கொப்புளம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, டோக்கன்கூட வாங்காமல், கதவைத் தள்ளிக்கொண்டு அவன் அம்மா உள்ளே வந்தார்.

"அரிக்கலையாம் டாக்டர். வலிக்குதாம்."