தேர்வுக் காலத்தில் ரேங்க் மேட்ச்: விடுதி மாணவர்கள் செய்யும் கணக்குப் பிழைகள்

இணையவழிப் போட்டி வீடியோ கேம்களில் தீவிரமாக இருக்கும் விடுதி மாணவர் தேர்வு நெருங்கும்போது "இன்று ஒரு மணி நேரம் மட்டும் ஆடுவேன்" என்று முடிவு செய்கிறார். அந்த முடிவில் மனத்திண்மைக்குக் குறைவில்லை. பிழை இருப்பது அளவுகோலில்தான். வெற்றி தோல்விக்கேற்பத் தரநிலை ஏறி இறங்கும் ரேங்க் மேட்ச் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதன்று. வேலரண்ட், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 ஆகியவற்றில் 13 சுற்றுகளை முதலில் வெல்லும் அணிக்கே வெற்றி என்பதால், 13-3 என்று போகும் ஆட்டம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 12-12 என்று சமநிலையில் நின்று கூடுதல் சுற்றுகளுக்குப் போனால் அதே ஆட்டம் 50 நிமிடங்களைத் தொடக்கூடும். டோட்டா 2-இல் சுற்று எண்ணிக்கையே கிடையாது. ஒரு தரப்பின் முதன்மைக் கட்டடம் விழும்வரை ஆட்டம் நீளும். நடுவில் வெளியேறினால் தடைக்காலம் விதிக்கப்படும், அணியினருக்கும் அந்த ஆட்டம் பாழாகும். ஆகவே நேரத்தை மணியால் அளக்காமல் மேட்ச்சால் அளக்க வேண்டும். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் அதன் சராசரி நீளத்தை அல்ல, அது எடுக்கக்கூடிய நீண்ட நேரத்தை ஒதுக்க வேண்டும். இரண்டு மேட்ச் ஆட விரும்புபவர் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கட்டும். முன்னதாக முடிந்தால் மிச்சமாகும் நேரம் ஓய்வுக்குரியது, மூன்றாவது மேட்ச்சுக்குரியதன்று.

எத்தனை மேட்ச் என்பதை அமர்வதற்கு முன்பே முடிவு செய்வதும் முக்கியம். தோற்றவுடன் எடுக்கும் முடிவு பெரும்பாலும் "இழந்த புள்ளிகளை மீட்டுவிட்டுத் தூங்கலாம்" என்றே இருக்கும். எரிச்சலோடு ஆடும் அடுத்த ஆட்டத்தில் அவசரமும் தவறான முடிவுகளும் கூடுவதை எந்த ஆட்டக்காரரும் தம் பழைய பதிவுகளைப் பார்த்தாலே உணர்வார்.

க்யூவில் எதிரணிக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் புத்தகத்தைத் திறப்பது இன்னொரு தவறு. நேரத்தை வீணாக்காத பழக்கம் போல அது தோன்றும். ஆனால் ஒரு வேலை முடியாத நிலையில் இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். எந்த நொடியும் மேட்ச் கிடைத்த ஒலி வரலாம் என்று காத்திருக்கும் மனத்தில் ஒரு தேற்றத்தின் நிறுவல் பதியாது. அப்படிப் புரட்டிய பக்கங்களைப் படித்து முடித்தவற்றில் சேர்ப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

இனி, எல்லாவற்றையும்விட அதிகம் பாதிக்கும் தவறுக்கு வருகிறேன். விடுதியில் இரவு உணவுக்குப் பிறகு எல்லா அறைகளிலும் காணொளிகள் ஓடத் தொடங்கும். பொது வைஃபை திணறும். தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரமான பிங் ஏறி இறங்கும். அதைக் கண்டு சலித்த ஆட்டக்காரர் நள்ளிரவுக்குப் பிறகு ஆடப் பழகிக்கொள்கிறார். இணைப்பு சீராகிவிடுகிறது, தூக்கம் பறிபோகிறது. படித்தவை நினைவில் நிலைபெறுவதில் தூக்கத்துக்கு நேரடிப் பங்கு உண்டு என்பதால், இதனால் கெடுவது மறுநாள் படிப்பு மட்டுமன்று. அன்று பகலில் படித்ததும் சேர்ந்தே கெடுகிறது. விழித்திருப்பதற்காக இரவு பத்து மணிக்குக் குடிக்கும் காபியில் உள்ள காஃபீனில் ஏறத்தாழ பாதி, பின்னிரவு மூன்று மணிக்கும் உடலில் இருக்கும்.

நள்ளிரவுதான் ஒரே வழி என்று முடிவு கட்டுவதற்கு முன் இணைப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் கணினியில் முதல் கட்டளை `Default Gateway` என்ற வரியில் விடுதி வலையமைப்பின் நுழைவாயில் முகவரியைக் காட்டும். அந்த முகவரியை இரண்டாவது கட்டளையில் இட வேண்டும். கீழே உள்ளது எடுத்துக்காட்டு மட்டுமே.

```
ipconfig
ping -n 50 192.168.1.1
```

விடைகள் சில மில்லிநொடிகளில் சீராக வந்தால் அறைக்கும் வைஃபைக்கும் இடையில் சிக்கல் இல்லை. நெரிசல் அதற்கு வெளியே இருக்கிறது. இங்கேயே 5, 90, 12, 140 என்று தாவினால் குறை வைஃபையில் இருக்கிறது. சுவரில் கேபிள் இணைப்பு இருந்தால் அதுவே தீர்வாகிவிடும். (சில நுழைவாயில்கள் இக்கட்டளைக்கு விடையளிக்காதபடி அமைக்கப்பட்டிருக்கும், அப்போது ஆட்டத்துக்குள் தெரியும் பிங் அளவையே பார்க்கலாம்.) இதை அதிகாலை, பிற்பகல், மாலை ஆறு மணி, இரவு பத்து மணி என மூன்று நாள்கள் குறித்துவைத்தால், தூக்கத்தைத் தொடாமலே ஆடத்தக்க நேரம் ஒன்று அகப்பட வாய்ப்புண்டு.

ஒரு மாணவரின் நிலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தேர்வுக்குப் பதினெட்டு நாள்கள் உள்ளன. அவருடைய அணி வாரத்தில் மூன்று இரவுகள், ஒன்பதரை மணிக்கு, மூன்று மேப்கள், அதாவது மூன்று ஆட்டங்கள், கொண்ட ஸ்க்ரிம் என்ற அணிப் பயிற்சிப் போட்டியை ஆடுகிறது. மேப்புக்கு 50 நிமிடம் என்றால் 150, இடைவேளைகள் 20, முடிந்தபின் தவறுகளை அலசும் பேச்சு 20. ஆக 190 நிமிடங்கள் ஓடி, மணி 12:40 ஆகும். பரபரப்பு அடங்கித் தூங்க ஒன்றரை மணி. மறுநாள் காலை ஆறு முதல் ஏழரை வரை படிக்கும் வழக்கம் அந்த மூன்று நாள்களும் நின்றுபோகிறது. வாரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் ஆடுவதாக அவர் நினைக்கிறார். காலையில் இழப்பதையும் சேர்த்தால் அது பதினான்கு மணி நேரம்.

இவர் ஆட்டத்தை அடியோடு விட வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள்கள், மாலை ஆறு மணிக்கு, இரண்டே மேப்கள் என்று அணியுடன் பேசி வைத்தால் எட்டு மணிக்குள் எழுந்துவிடலாம். வாரத்துக்கு நான்கு மணி நேரம் போதும். அந்த மாலை நேரம்தான் விடுதித் தாழ்வாரத்தில் கூச்சல் மிகுந்த நேரமும்கூட. அமைதியான நேரத்தில் ஆடிவிட்டு இரைச்சலான நேரத்தில் படிக்க முயல்வதே பலரும் செய்வது; அதைத் தலைகீழாக்க வேண்டும். இரைச்சலை ஹெட்செட்டோடு ஆட்டத்துக்குக் கொடுத்து, ஒன்பது முதல் பதினொன்று வரையிலான நேரத்தை நூலகத்துக்கோ படிப்பறைக்கோ கொண்டுபோகலாம். அறைத்தோழர் தூங்கும்போது மைக்கில் கத்தாமல் இருக்கவும் இதுவே வழி.

படிக்க அமர்ந்ததும் குறிப்புகளையே திரும்பத் திரும்ப வாசிப்பதையும் தவிர்க்க வேண்டும். ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் நடந்த சோதனையில் முந்தினர். ஒரு வாரத்துக்குப் பின்னோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். ஆட்டக்காரருக்கு இது புதிதாக இருக்காது: பிறர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மட்டும் கை பழகாது.

கடைசியாக, தேர்வு நாள்களில் அணிக்குச் சொல்லாமல் மறைந்துவிடும் தவறு. கடைசி நேரத்தில் ஆள் இல்லை என்றால் அணியினர் அழைத்துக்கொண்டே இருப்பர், அவரும் குற்றவுணர்வில் ஒரு மேட்ச்சுக்கு இசைவார். இரண்டு வாரங்களுக்கு முன்பே தேர்வு அட்டவணையை அணிக் குழுவில் பதிந்து, மாற்று ஆட்டக்காரர் ஒருவரை இரண்டு ஸ்க்ரிம்களில் பழக்கிவிட வேண்டும். ரேங்க் இறங்கிவிடுமோ என்ற அச்சம் பெரும்பாலோருக்குத் தேவையற்றது; லீக் ஆஃப் லெஜண்ட்ஸில்கூட ஆடாமல் இருப்பதால் ரேங்க் சரிவது டயமண்ட் என்ற உயர்நிலையிலும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்குத்தான். கைப்பழக்கம் போகாதிருக்கப் பயிற்சித் தளத்தில் நாளுக்குப் பதினைந்து நிமிடம் குறிபார்த்துச் சுட்டால் போதும். அங்கே எதிரணியும் இல்லை, கூடுதல் சுற்றும் இல்லை, மணி அடித்ததும் எழுந்துவிடலாம்.