கடையில் ஸ்கேன் செய்து பணம் செலுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையின் கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு பணத்தை எடுக்கும் கருவி அன்று. அது ஒரு வரி எழுத்து மட்டுமே. யுபிஐ செயலி அதைப் படிக்கும்போது ஏறத்தாழ இப்படி ஒரு வரிதான் கிடைக்கிறது:

```
upi://pay?pa=kadai@bank&pn=ABC%20Stores&cu=INR
```

இதில் `pa` என்பது பணம் போய்ச் சேர வேண்டிய யுபிஐ முகவரி. `pn` என்பது பெயர். `cu` என்பது நாணயம். அந்தப் பெயரைக் கோடு தயாரிப்பவர் தம் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம் என்பதையும், பணம் எங்கே போகும் என்பதை முகவரி மட்டுமே தீர்மானிக்கிறது என்பதையும் புரிந்துகொண்டால், பெரும்பாலான தவறுகள் எங்கே நேர்கின்றன என்பது தெளிவாகிவிடும்.

முதல் தவறு, ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் கடைப் பெயரை நம்பிப் பணம் செலுத்துவது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், கடைகளிலும் பெட்ரோல் பங்கிலும் இருந்த கோடுகளின்மேல் இரவோடு இரவாக வேறு கோடுகள் ஒட்டப்பட்டன. கடைக்காரரின் பெயர் மாறி வருவதை வாடிக்கையாளர் கவனித்துச் சொன்னதால்தான் அது வெளியே தெரிந்தது. ஒட்டியவருக்குத் தேவைப்பட்டது ஒரு ஸ்டிக்கர் மட்டுமே. வாடிக்கையாளரின் செல்பேசியை அவர் தொடவே இல்லை.

பார்க்க வேண்டிய பெயர், ஸ்கேன் செய்தபின் செயலியின் திரையில் வருவது. பணம் பெறுபவரின் வங்கிக் கணக்கில் பதிவான பெயரைத்தான் செயலிகள் காட்ட வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 30 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனாலும் கடைப் பெயரும் திரைப் பெயரும் வேறுபடுவது மட்டுமே மோசடிக்கு அடையாளம் ஆகாது. பலசரக்குக் கடையின் கணக்கு உரிமையாளரின் சொந்தப் பெயரிலோ அவர் மனைவியின் பெயரிலோ இருப்பது நம் ஊர்களில் இயல்பு. எனவே கடைக்காரரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். திரையை நீட்டி "இதுதானே?" என்று கேட்டால், கூட்ட நேரத்தில் அவர் பார்க்காமலேயே தலையாட்டக்கூடும். "என்ன பேர் வரும்ண்ணே?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்லும் பெயரைத் திரையோடு ஒப்பிடுவதே உண்மையான சரிபார்ப்பு.

ஒரு மருந்துக் கடையில் 340 ரூபாய் கொடுக்க வேண்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒட்டு ஸ்டிக்கரில் பெரும்பாலும் தொகை இருக்காது. நாமே இட வேண்டும். 340 என்பது 3400 ஆவதற்கு விரல் ஒருமுறை கூடுதலாகப் பட்டால் போதும். ஆகவே பின் எண் கேட்கும் பக்கம் வந்ததும் விரலை நிறுத்தி, பெறுபவர் பெயர், தொகை, எந்த வங்கிக் கணக்கிலிருந்து பணம் போகிறது என்ற மூன்றையும் படிக்க வேண்டும். கடைக்காரர் தம் கருவியின் திரையில் காட்டும் கோட்டில் தொகையும் சேர்ந்தே வரும். அப்போதும் பில்லோடு ஒப்பிட வேண்டும்.

நான்காவதாகவும் ஒன்றைப் பார்க்க வேண்டும்; பலருக்கு இது தெரிவதில்லை. கோடு `upi://mandate` என்று தொடங்கினால், அது ஒருமுறைப் பணம் கேட்பதன்று. பின்னர் நம் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்வதற்கான அனுமதி. திரையில் "ஆட்டோபே" அல்லது "மேண்டேட்" என்ற சொல்லோ, தொடக்க நாள், முடிவு நாள் என்ற விவரமோ தெரிந்தால், கடையில் ஒரு பொருளுக்குப் பணம் கொடுப்பவர் அங்கேயே பின்வாங்கிவிட வேண்டும்.

ஸ்கேன் செய்தவுடனேயே கணக்கு காலியாகிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. நாம் ஒப்புதல் கொடுக்காமல் பணம் நகராது. யுபிஐ லைட்டில் சிறு தொகைகள் பின் எண் இல்லாமலே போகும். அதிலும் செலுத்தும் பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும். கோடு பணம் கேட்காமல் ஓர் இணைய முகவரியைத் திறக்கச் சொன்னால் அது கடைக்கான கோடே அன்று, திறக்க வேண்டாம்.

அதேபோல், ஸ்கேன் நமக்குப் பணத்தைக் கொண்டுவரவும் செய்யாது. "கூடுதலாக வாங்கிவிட்டேன், இதை ஸ்கேன் செய்து பின் எண் போட்டால் திரும்ப வந்துவிடும்" என்று யார் சொன்னாலும் அது பொய். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை.

பணம் கழிந்தும் கடைக்காரருக்கு வரவில்லை என்றால், உடனே இரண்டாம் முறை அனுப்பாமல் செயலியின் வரலாற்றுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். "பெண்டிங்" அல்லது தோல்வி என்று இருந்தால், கழிந்த தொகை பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும். கடைகளுக்குச் செலுத்தியதில் இதற்கு 5 நாள் வரை அவகாசம் உண்டு. "வெற்றி" என்று காட்டி, பெயர் மட்டும் வேறாக இருந்தால் பணம் தானாகத் திரும்பாது. அப்போது பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். மோசடி என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணிலும் புகார் அளிக்க வேண்டும். ஸ்டிக்கர் மாறியிருப்பதைக் கடைக்காரரிடமும் அப்போதே சொல்லிவிட வேண்டும். அடுத்து வருபவரும் அதே கோட்டைத்தான் ஸ்கேன் செய்யப்போகிறார்.