முனைவர் பட்டத் தலைப்பு: தரவிலிருந்து தொடங்குங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு, பகலில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, பகுதிநேரமாக முனைவர் பட்டம் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ் இலக்கியமோ மொழியியலோ, தலைப்பைத் தேர்வு செய்யும்போது மூன்று கேள்விகள் வரும். இது புதிதா? தரவு கைக்குக் கிடைக்குமா? இதற்கேற்ற மேற்பார்வையாளர் இருக்கிறாரா?

பலர் இந்த மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தரவு கிடைக்கவில்லை என்றால் தலைப்பு எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஆய்வு நகராது. நல்ல தரவு கையில் இருந்தால், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் புதுமையைக் கொண்டுவந்துவிடலாம். அதனால் முதலில் தரவு, பிறகு புதுமை, கடைசியில் மேற்பார்வையாளர் என்ற வரிசையில் பாருங்கள்.

இதை ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியையோடு உட்கார்ந்து பார்த்த விதத்திலேயே சொல்கிறேன். அவர் மூன்று தலைப்புகளோடு வந்தார். ஒன்று, மலேசியத் தமிழ் நாவல்களில் பெண்கள். இரண்டு, 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தைப் பற்றி அந்த ஆண்டுகளிலேயே எழுதப்பட்ட சிறுகதைகள். மூன்று, தோட்டத்தை விட்டுத் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த குடும்பங்களின் பேச்சு.

படி 1: தரவைத் தொட்டுப் பாருங்கள்

"கிடைக்கும்" என்று நினைப்பது வேறு, கையில் எடுத்துப் பார்ப்பது வேறு. ஒவ்வொரு தலைப்புக்கும் கொஞ்சம் தரவை இப்போதே சேகரியுங்கள்.

நாவல்களில் சிக்கல் இல்லை, நூலகத்தில் இருக்கின்றன. அவசரகாலச் சிறுகதைகள் அப்படி இல்லை. அவற்றில் பல நாளிதழ்களோடும் வார இதழ்களோடும் நின்றுவிட்டன. தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன நாளிதழ். அதன் பழைய இதழ்களைப் பார்க்க வேண்டுமென்றால் நூலகம் நூலகமாகப் போய் உட்கார வேண்டும். சிங்கப்பூரின் தமிழ் முரசு, NewspaperSG என்ற தளத்தில் மின்வடிவில் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வேண்டிய ஆண்டு வீட்டிலிருந்தே திறக்கிறதா, எழுத்து வாசிக்கும்படி இருக்கிறதா என்பதை இதழைத் திறந்துதான் உறுதி செய்ய முடியும். பள்ளி விடுமுறை மட்டுமே கையில் இருக்கும் ஆசிரியைக்கு இது கடினம். அதனால் இதை ஒதுக்கிவைத்தார். கோலாலம்பூரில் முழுநேரமாகப் படிப்பவருக்கு இதே தலைப்பு அருமையாகப் பொருந்தும்.

மூன்றாவது தலைப்புக்கு ஆசிரியை ஒரு தாத்தாவிடம் பதிவு எடுத்தார். ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்ததும் தாத்தா வானொலிச் செய்தி வாசிப்பவர் போல் பேச ஆரம்பித்துவிட்டார். "அக்காலத்தில் நாங்கள் இரப்பர் மரம் சீவும் தொழில் புரிந்தோம்" என்றார். இது சமூகமொழியியலில் தெரிந்த சிக்கல்தான். கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் பேச்சு மாறிவிடும் என்பதை வில்லியம் லபோவ் விளக்கியிருக்கிறார். அப்புறம் ஆசிரியை கேள்வியை மாற்றினார். "தாத்தா, கத்தியை எப்படிப் பிடிப்பீங்க? கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார். தாத்தாவின் கை தானாக எழுந்தது. "இப்படித்தாம்மா. ஆழமா போனா கித்தா மரம் புண்ணாயிடும். பெரட்டு முடிஞ்சி வேலக்காட்டுக்குப் போனா நெரையப் புடிச்சி வெட்டணும், அப்புறம் மங்குப் பால எடுத்துக்கிட்டு ஸ்டோருக்கு..." என்று கொட்டினார். ஆசிரியைக்கு வேண்டிய தரவு அதுதான்.

பதிவு எடுத்ததோடு நிறுத்தாதீர்கள். பத்து நிமிடத்தை எழுத்தில் பெயர்த்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். பலர் சேர்ந்து பேசினாலோ, ஒலி நுணுக்கங்களைக் குறிக்க வேண்டியிருந்தாலோ இன்னும் கூடும். 24 பேரிடம் அரை மணி நேரம் வீதம் எடுத்தால் மொத்தம் 12 மணி நேரப் பேச்சு, பெயர்க்க ஏறக்குறைய 96 மணி நேரம். பகுதிநேர மாணவரால் முடிகிற அளவுதான். ELAN என்ற இலவச மென்பொருளில் ஒலியையும் எழுத்தையும் இணைத்து வைத்தால் பிறகு தேடுவது சுலபம்.

ஒரு எச்சரிக்கை. இது பயிற்சிப் பதிவு மட்டுமே. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பேசுபவரின் ஒப்புதலும் கிடைப்பதற்கு முன் எடுத்ததை ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.

படி 2: புதுமையைச் சோதியுங்கள்

மலேசியாவில் தமிழ் பற்றிய ஆய்வேடுகள் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதப்படுகின்றன. தமிழில் மட்டும் தேடிவிட்டு "யாரும் செய்யவில்லை" என்று முடிவு கட்டினால், நேர்காணலில் மாட்டிக்கொள்வீர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் studentsrepo.um.edu.my தளத்திலும் இந்திய ஆய்வேடுகளுக்கான Shodhganga தளத்திலும் மூன்று மொழிச் சொற்களையும் போட்டுத் தேடுங்கள். பழைய ஆய்வேடுகள் எல்லாம் இணையத்தில் இல்லை. நூலக அலமாரியையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நாவல்களில் பெண்கள் என்ற தலைப்பு இங்கேதான் விழுந்தது. அந்தத் தடத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் நடந்துவிட்டார்கள். இன்னும் ஐந்து நாவல்களைச் சேர்ப்பதால் அது புதிதாகிவிடாது.

மூன்றாவது தலைப்பும் முதல் வடிவத்தில் புதிதில்லை. மலேசியத் தமிழில் மலாய்க் கடன்சொற்கள், தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவது எல்லாம் ஏற்கெனவே ஆராயப்பட்டவை. அதனால் ஆசிரியை தரவை அப்படியே வைத்துக்கொண்டு கேள்வியை மாற்றினார். ஒரே தோட்டத்திலிருந்து ஒரே தாமானுக்கு வந்த குடும்பங்களில், வேலையோடு வந்த சொற்கள் வேலை போன பிறகு என்ன ஆகின்றன? பேரப்பிள்ளைகள் அவற்றை மறந்துவிட்டார்களா, வேறு பொருளில் பேசுகிறார்களா, காதால் கேட்டால் மட்டும் புரிந்துகொள்கிறார்களா? மூன்று தலைமுறை, தலைமுறைக்கு எட்டுப் பேர்.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. இளையவரும் முதியவரும் வேறுபட்டுப் பேசினால் அது மொழி மாற்றமாக இருக்கலாம், வயதாக ஆக மாறிவிடும் பழக்கமாகவும் இருக்கலாம். ஆனால் இந்த இளையவர்கள் பால்வெட்டுக்கே போகாதவர்கள். ஆகவே தொழிற்சொற்களில் இந்தக் குழப்பம் குறைவு. மற்ற சொற்களைப் பற்றி முடிவு சொல்லும்போது கவனமாக இருக்க வேண்டும். இந்த வரம்பை முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள்.

படி 3: மேற்பார்வையாளர்

அன்பானவர், பெயர் பெற்றவர் என்பது மட்டும் போதாது. அவரிடம் அண்மையில் முடித்த மாணவர்களின் ஆய்வேடுகளை எடுத்து, ஆய்வுமுறை இயலை மட்டும் படியுங்கள். எல்லாமே நூல்களை வைத்துச் செய்த இலக்கிய ஆய்வாக இருந்தால், களப்பதிவில் சிக்கல் வரும்போது அவரால் வழிகாட்ட முடியாமல் போகலாம். ஆசிரியை மனத்தில் வைத்திருந்தவர் இலக்கியப் பேராசிரியர். நல்ல மனிதர், ஆனால் களமொழியியல் அவர் துறையில்லை. அதனால் மொழியியல் துறையிலிருந்து ஓர் இணை மேற்பார்வையாளரைக் கேட்கலாமா என்று அவரிடமே நேராகக் கேட்டார். அவரும் சம்மதித்தார்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டாய ஓய்வு வயது 60. பகுதிநேரப் படிப்பு பல ஆண்டுகள் ஓடும். ஆகவே, "நான் முடிக்கும்வரை நீங்கள் பணியில் இருப்பீர்களா, ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். இதைக் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் மின்னஞ்சலில் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கேள்வி ஒரு வரி, ஏற்கெனவே வந்த ஆய்வுகளிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்று ஒரு பத்தி, பிறகு எழுத்தில் பெயர்த்த பயிற்சிப் பதிவிலிருந்து பேசியவர் யாரென்று தெரியாத பத்து வரிகள். அந்தப் பத்து வரிகளைப் படித்துவிட்டு அவர் எதைப் பற்றிக் கேட்கிறார் என்று கவனியுங்கள். தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுவதைக் குறிக்கும் "பெரட்டு" என்பதைப் பேத்தி எப்படிச் சொல்கிறாள் என்று கேட்டால் அவர் உங்கள் தரவுக்குள் வந்துவிட்டார். தலைப்பின் சொல்லமைப்பை மட்டும் திருத்தி அனுப்பினால், இன்னொருவரிடமும் அதே பக்கத்தை அனுப்பிப் பாருங்கள்.