ஜப்பானியக் கதையை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள்

சனிக்கிழமை மாலைகளில் ஆறேழு பேர் சேர்ந்து ஜப்பானியக் கதைகள் வாசிக்கிறோம். போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் இருமொழிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். இடப்பக்கம் ஜப்பானியம், வலப்பக்கம் ஆங்கிலம். அவர் படிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஜப்பானிய வரியில் மூன்று சொல் தாண்டுவதற்குள் கண் வலப்பக்கம் போய்விட்டது. ஆங்கில வாக்கியத்தை முழுதாகப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, தெரிந்த சொற்களை மட்டும் தொட்டுக்கொண்டு அடுத்த வரிக்கு நகர்ந்தார். அப்படியே நானும் ஒன்றரை வருடம் படித்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தினமும் படிக்க வேண்டும் என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிட்டு, படிக்கும்போது வரும் தவறுகளை மட்டும் ஒவ்வொரு தலைப்பிலும் சொல்கிறேன்.

நிலை தாண்டிப் படிப்பது

நிலைவாரிக் கதைப் புத்தகங்களில் தொடக்க நிலைகள் ஏறத்தாழ 350 சொற்களுக்குள் எழுதப்பட்டவை. பெரியவர்களுக்கு அது குழந்தைப் புத்தகம்போலத் தெரியும், உடனே இரண்டு நிலை மேலே தாவுவார்கள். ஒரு பக்கத்தில் நூறு சொல் இருந்தால், தெரியாதவை இரண்டு மூன்றுக்குள் இருக்க வேண்டும். ஐந்தைத் தாண்டினால் கதை கையை விட்டுப் போய்விடும், புதிர் அவிழ்ப்பதுதான் மிஞ்சும். எண்ணிப் பாருங்கள், அதிகமாக இருந்தால் கீழே இறங்குங்கள்.

அகராதியைத் திறந்து வைத்துக்கொள்வது

வேண்டாம். அகராதி இல்லாமல் எளிதான கதைகளை நிறையப் படிக்கும் முறையை ஜப்பானில் தாதோகு என்பார்கள். எளிதானதில் தொடங்கு, அகராதி பார்க்காதே, புரியாததைத் தாண்டிப் போ, ஓடவில்லை என்றால் வேறு புத்தகம் எடு: இந்த நான்குதான் அதன் விதிகள். tadoku.org தளத்தில் இலவசக் கதைகள் இருக்கின்றன.

ஆங்கிலப் பக்கத்தை ஏணியாக்குவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத தவறு. மூன்று இருமொழிப் புத்தகங்களை முடித்துவிட்டு, படிக்க வந்துவிட்டது என்று நம்பி ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்3 நிலைக்குப் போனேன். வாசிப்புப் பகுதியில் 60க்கு 17. அந்தப் பகுதியில் குறைந்தது 19 எடுத்தால்தான் தேர்ச்சி. சொற்கள் தெரிந்திருந்தன. நீளமான வாக்கியம் வந்ததும் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டே பின்பாதிக்குப் போகத்தான் முடியவில்லை. வாக்கியத்தின் முடிவை எனக்கு எப்போதும் வலப்பக்கம்தான் முன்கூட்டியே சொல்லியிருந்தது.

ஆங்கிலம் ஜப்பானிய வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டித்தான் சொல்ல முடியும். தமிழுக்கு அந்தத் தேவையே இல்லை. மொமோதாரோ என்ற நாட்டுப்புறக் கதையின் தொடக்கத்தைப் பாருங்கள்.

முகாஷி முகாஷி, ஆரு தொகோரோ நி, ஒஜீசான் தொ ஒபாசான் கா இமாஷிதா.

முன்னொரு காலத்தில், ஓர் இடத்தில், தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அடுத்த வரி:

ஒஜீசான் வா யாமா ஏ ஷிபாகாரி நி, ஒபாசான் வா காவா ஏ செந்தாகு நி இகிமாஷிதா.

தாத்தா மலைக்குச் சுள்ளி வெட்டவும், பாட்டி ஆற்றுக்குத் துணி துவைக்கவும் போனார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வினை, அதுவும் கடைசியில். ஆங்கிலத்தில் 'போனார்' முதலிலேயே வந்துவிடும், பெரும்பாலும் இரண்டு முறை வரும். அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு ஜப்பானியத்துக்குத் திரும்பினால், மனம் வினையைத் தேடி முன்னும் பின்னும் அலைகிறது. தமிழில் நாம் வினைக்காகக் கடைசிவரை காத்திருந்து பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை நானே ஒதுக்கிவைத்துவிட்டேனே என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

இது கதை முழுக்கத் தொடரும். 'கினோ இச்சிபா தெ கத்தா சகானா' என்பது 'நேற்று சந்தையில் வாங்கிய மீன்', அதே வரிசை. 'தபெதெ மிமாஷிதா' என்பது 'சாப்பிட்டுப் பார்த்தேன்'. இங்கே மிரு என்றால் பார்த்தல்தான். 'கத்தெ ஒகிமாஷிதா' என்பது 'வாங்கி வைத்தேன்', ஒகு என்றால் வைத்தல். ஆங்கிலப் பக்கத்தில் இந்தப் பார்த்தலும் வைத்தலும் காணாமல் போயிருக்கும். அவற்றை நான் தனித்தனி இலக்கண விதிகளாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

இப்போது நாங்கள் செய்வது இது. ஒரு நாளைக்கு ஒரு பத்தி. ஆங்கிலப் பக்கத்தை ஒரு தாளால் மூடிவிட்டு, ஜப்பானியத்தை இரண்டு முறை படிக்கிறோம். கதையோட்டம் பிடிபடாத வாக்கியத்துக்கு மட்டும், சொல்லுக்குக் கீழே சொல்லாக, அதே வரிசையில் பென்சிலால் தமிழ் எழுதுகிறோம். அப்புறம்தான் தாளை எடுத்துச் சரிபார்க்கிறோம். மறுநாள் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு அதே பத்தியை மறுபடி வாசிக்கிறோம். அழித்த பிறகும் தடையில்லாமல் ஓடினால் அந்தப் பத்தி முடிந்தது. ஓடவில்லை என்றால் புத்தகம் இன்னும் நம் நிலைக்கு வரவில்லை.

தமிழை எல்லா இடத்திலும் நம்பவும் கூடாது. நம் வினை முடிவிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்: போனான், போனாள், போனேன். இகிமாஷிதா என்பதில் அது எதுவும் இல்லை. 'போனான்' என்று எழுதியவுடனே ஜப்பானியம் சொல்லாத ஒன்றை நாமே முடிவு செய்துவிடுகிறோம். ஆங்கிலப் பக்கமும் அதையேதான் செய்திருக்கும், மூலத்தில் இல்லாத 'அவன்', 'அவள்' அங்கே வரிக்கு வரி நிற்கும். அதனால் தமிழ் எழுதும்போது வினையை முடிக்காமல் 'போ, இறந்தகாலம்' என்று குறித்துக்கொள்ளுங்கள். யார் என்பதை முந்தைய வரிகளிலிருந்து தேடி எடுங்கள்.

கொடுத்தல் வினைகளில் ஆள் ஒளிந்திருப்பார். 'குரேமாஷிதா' என்றால் என் பக்கத்துக்கு வந்தது, 'அகேமாஷிதா' என்றால் என்னிடமிருந்தோ வேறொருவரிடமிருந்தோ வெளியே போனது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். பழந்தமிழில் இதற்கு நெருக்கமான வேறுபாடு உண்டு. தன்மைக்கும் முன்னிலைக்கும் தருதல், படர்க்கைக்குக் கொடுத்தல் என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. ஆனால் 'உனக்குத் தருகிறேன்' என்பதற்கு ஜப்பானியத்தில் அகேரு வரும். முன்னிலையில் மட்டும் நம் பழைய பிரிவு இப்படிப் பிசகும், அந்த இடத்தில் கவனம்.

பிறகு, பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் 'வா', 'கா' என்ற இடைச்சொற்கள். மேலே தந்த முதல் வரியில் தாத்தாவும் பாட்டியும் கதைக்குள் நுழையும்போது 'கா' வருகிறது. நுழைந்த பிறகு அவர்களைப் பற்றிப் பேசும்போது 'வா'. தமிழில் இரண்டுமே வெறும் எழுவாய்தான், பென்சில் வரியில் இந்த வேறுபாடு அழிந்துபோகும். நான் 'கா' வந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுக்கொள்கிறேன். நாலைந்து கதைகள் படித்த பிறகு, வட்டங்கள் எங்கே கூடுகின்றன என்பது தானாகப் பிடிபட ஆரம்பித்தது.

ஃபுரிகானாவை மட்டும் படிப்பது

காஞ்சி எழுத்துகளின் உச்சரிப்பைக் காட்ட அருகில் அச்சிட்டிருக்கும் சிறிய எழுத்துகள்தான் ஃபுரிகானா. இரண்டாம் வாசிப்பில் மறைத்துவிடுங்கள்.

ஒலிப்பதிவை முதலில் கேட்பது

பல நிலைவாரிப் புத்தகங்களோடு ஒலிப்பதிவும் கிடைக்கிறது. படித்து முடித்த பிறகு, புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள். வாக்கியத்தின் கடைசி வினை வருவதற்கு முன்பே அது என்னவாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்ற ஆரம்பித்தால், அடுத்த நிலைப் புத்தகத்தை எடுக்கலாம்.