பீட்டா இல்லாத சிறு தொழிலின் தள்ளுபடி விகிதம்: ஒரே ரிஸ்க்கை மூன்று முறை எண்ணாதீர்கள்

கோயம்புத்தூரில் பம்ப் உறுப்புகளை மெஷினிங் செய்து கொடுக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் யூனிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பங்குதாரர்களில் ஒருவர் விலக விரும்புகிறார். வரி, வட்டி, கடன் தவணை, மெஷின் மாற்றும் செலவு, உரிமையாளர்கள் பார்க்கும் வேலைக்கு நியாயமான சம்பளம் எல்லாம் போக அடுத்த ஆண்டு 60 லட்சம் ரூபாய் ரொக்கமாக மிஞ்சும். அது ஆண்டுக்கு 6% வளரும். இந்தத் தொழிலின் இன்றைய மதிப்பு என்ன?

எதிர்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் சதவீதம்தான் தள்ளுபடி விகிதம். மிஞ்சும் தொகையை, அந்த விகிதத்திலிருந்து வளர்ச்சியைக் கழித்து வருவதால் வகுத்தால் மதிப்பு கிடைத்துவிடும். சிக்கல் அந்த விகிதத்தில்தான். சந்தையோடு சேர்ந்து ஒரு பங்கின் விலை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு பீட்டா; பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனிக்கு அது கிடையாது. அதனால்தான் பில்ட்-அப் முறை: ரிஸ்க் இல்லாத வட்டியில் தொடங்கி, ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவது. கணக்குக்காக 10 ஆண்டு அரசுப் பத்திரத்துக்கு 7%, பங்குச் சந்தை பிரீமியம் 7%, கம்பெனி அளவில் சிறியது என்பதற்கு 4% என்று எடுத்துக்கொண்டால் 18% வருகிறது. துறைக்கான பிரீமியத்தை இங்கே பூஜ்யமாக விட்டுவிடுகிறேன். 18-இல் 6 போனால் 12%. 60 லட்சத்தை அதனால் வகுத்தால் 5 கோடி.

கூட்டல் சுலபம் என்பதுதான் இந்த முறையின் ஆபத்து. பயம் தோன்றும்போதெல்லாம் ஒரு 3% சேர்ப்பதை யாரும் தடுப்பதில்லை. இந்தியா வளரும் நாடு, அதற்கு 3%. பங்கை நினைத்தபோது விற்க முடியாது, அதற்கு 3%. விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடம், அதற்கு 3%. இப்போது விகிதம் 27%, மதிப்பு சுமார் 2.86 கோடி. கடைசியில் பங்கை விற்கும் சிரமத்துக்கென்று 20% தள்ளுபடியும் கொடுத்தால் 2.29 கோடி. 5 கோடி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு படியும் நியாயமாகத்தான் தெரியும்.

முதலில் நாட்டு ரிஸ்க். ரூபாய்ப் பத்திரத்தின் வட்டியில் இந்தியாவின் பணவீக்க எதிர்பார்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. சந்தை பிரீமியத்தையும் இந்தியச் சந்தையை வைத்தே கணக்கிட்டிருந்தால், இந்தியப் பங்குகளுக்கு முதலீட்டாளர் கேட்கும் கூடுதல் வருமானமும் அதற்குள் வந்துவிடுகிறது. அதன்மேல் தனியாக 3% வைப்பது இரண்டாம் முறை எண்ணுவது. அமெரிக்கச் சந்தையின் பிரீமியத்தை அடிப்படையாக எடுத்திருந்தால் மட்டுமே நாட்டு ரிஸ்க்கைக் கூட்ட வேண்டும். எனவே அந்த 7% எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். அமெரிக்க அரசுப் பத்திர வட்டியில் தொடங்கி ரூபாய் வருமானத்தைத் தள்ளுபடி செய்வது இதற்கு எதிர்ப்பக்கத் தவறு; விகிதம் குறைந்து மதிப்பு ஊதிவிடும்.

அளவு பிரீமியத்திலும் இதே கேள்விதான். இதற்கான பெரும்பாலான அட்டவணைகள் அமெரிக்கப் பங்குகளிலிருந்து வருபவை. சிறிய கம்பெனிகள் கூடுதல் வருமானம் தந்ததை 1981-இல் ரோல்ஃப் பான்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். பின்வந்த தரவுகளில் அந்த விளைவு மெலிந்துவிட்டதாகச் சொல்பவர்கள் நிறைய. அட்டவணையின் மிகச் சிறிய பிரிவில், அளவால் சிறியவையோடு நொடித்துப்போய் விலை சரிந்த கம்பெனிகளும் கலந்திருக்கும். லாபத்தில் ஓடும் நம் யூனிட்டுக்கு அந்தப் பிரிவின் எண்ணை அப்படியே எடுத்தால், நொடித்தவர்களின் ரிஸ்க்கையும் சேர்த்து வாங்குகிறோம். இன்னொன்று: பீட்டாவால் விளங்கும் பகுதியைக் கழித்த பிரீமியமா, கழிக்காததா என்று பாருங்கள். கழிக்காத எண்ணோடு துறை பிரீமியத்தையும் கூட்டினால், ஒரே ஏற்ற இறக்கம் இரண்டு இடத்தில் நுழைந்துவிடும்.

விற்க முடியாத சிரமத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. விகிதத்தில் 3% வையுங்கள், அல்லது கடைசியில் 20% குறையுங்கள், இரண்டும் கூடாது. நான் கடைசியில் குறைப்பதையே விரும்புவேன், ஏனென்றால் அங்கே வைத்தால்தான் எல்லார் கண்ணிலும் படும். வாங்குபவர் அதே கம்பெனியின் இன்னொரு பங்குதாரர் என்றால், அந்தக் குறைப்பு தேவையா என்பதே தனி வழக்கு. அதனால் கீழே உள்ள கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

அதிகம் தடுக்கி விழுவது கம்பெனிக்கே உரிய ரிஸ்க்கில். இந்த எண்ணுக்கு அட்டவணை கிடையாது. மதிப்பிடுபவர் 3% என்றோ 5% என்றோ எழுதுகிறார், ஏன் என்று கேட்டால் அனுபவம் என்கிறார். அந்தச் சதவீதத்தை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் அது என்ன சொல்கிறது என்று தெரியும். 18%-க்குப் பதில் 21% வைத்தால் வகுக்கும் எண் 15% ஆகிறது, மதிப்பு 4 கோடி. அதே 4 கோடி 18%-இலேயே வர வேண்டுமென்றால் 60 லட்சம் 48 லட்சமாகக் குறைய வேண்டும். அதாவது அந்த 3% சொல்வது: சராசரியாகப் பார்த்தால் மிஞ்சுவதில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும்.

அது நம்பும்படி இருக்கிறதா? பெரிய வாடிக்கையாளர் போய்விட்டால் மிஞ்சுவது 25 லட்சம் என்று வையுங்கள். சராசரி 48 லட்சம் ஆக, அவர் போவதற்கான வாய்ப்பு 34% இருக்க வேண்டும். உரிமையாளரிடம் உட்கார்ந்து பேசினால், 15 வருடமாக ஆர்டர் வருகிறது, அச்சுகளும் நம்மிடமே இருக்கின்றன, ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம் என்பார். அப்படியானால் 60-இன் 80%, 25-இன் 20%, சேர்ந்து 53 லட்சம். 18%-இலேயே விட்டால் மதிப்பு சுமார் 4.42 கோடி. 53 லட்சத்தையும் எடுத்துக்கொண்டு 21%-உம் வைத்தால் 3.53 கோடி ஆகிவிடும். வாடிக்கையாளர் இரண்டு முறை போய்விட்டார்!

முடிந்தவரை இத்தகைய ரிஸ்க்கை ரொக்கக் கணக்கிலேயே காட்டுவது நல்லது. எதிர்த்தரப்பு ஆடிட்டர் 20% வாய்ப்போடு வாதாடலாம். 3%-ஓடு வாதாட எதுவும் இல்லை.

விகிதமும் ரொக்கமும் ஒரே ஜாதியாக இருக்கிறதா என்பதும் முக்கியம். பில்ட்-அப் தருவது பங்குதாரர் எதிர்பார்க்கும் வருமானம். வட்டி கட்டுவதற்கு முந்தைய தொகையை இதே 18%-இல் தள்ளுபடி செய்து, பிறகு வங்கிக் கடனைக் கழித்தால், கடன் கொடுத்தவரும் 18% கேட்பதுபோல் ஆகும். அப்புறம், இந்த 18%-இல் பணவீக்கம் அடங்கியிருக்கிறது. இன்றைய விலையில் 60 லட்சத்தை வளர்ச்சியே இல்லாமல் வகுத்தால் 3.33 கோடிதான் வரும். விலைவாசியோடு மட்டும் 4% வளர்ந்தாலும் 4.29 கோடி வர வேண்டும்.

விகிதத்தை 18.37% என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். 53 லட்சத்தோடு 17% வைத்தால் 4.82 கோடி, 19% வைத்தால் 4.08 கோடி. ஒரு புள்ளி அசைந்தாலே 35, 40 லட்சம் நகரும்போது இரண்டாம் தசமத்துக்கு அர்த்தமில்லை. அறிக்கையில் இந்த இரு எல்லைகளையும் கொடுங்கள். அதற்குள் எங்கே முடிப்பது என்பதைப் பங்குதாரர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும்.