பெட்ரோல்ல பென்சீன், சைலீனை ஜிசில பிரிக்கறது எப்படி, ரிப்போர்ட்ல எழுதறது எப்படி

ப்ராஜெக்ட்டுக்கு பெட்ரோல் சாம்பிளை கேஸ் குரோமேட்டோகிராஃப்ல ஓட்டப் போறவங்களுக்காக இதை எழுதறேன். பெட்ரோல்ல நூத்துக்கணக்கான ஹைட்ரோகார்பன் இருக்கு, எல்லாத்தையும் பிரிக்கணும்னு இறங்கினா முடிக்கவே முடியாது, அதனால எதைப் பிரிக்கப் போறோம்னு முதல்ல முடிவு பண்ணிக்குங்க. இங்க நாம எடுத்துக்கறது ரெண்டே ரெண்டு கேள்விதான். பென்சீன் எவ்வளவு இருக்கு (பிஎஸ்-6 விதிப்படி கன அளவுல 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது), பாரா சைலீனும் மெட்டா சைலீனும் தனித்தனி பீக்கா வருதா.

காலம் எது

காலம்னா பொருள்களைப் பிரிக்கற நீளமான மெல்லிய குழாய். நிறைய லேப்ல மெஷின்ல எப்பவும் மாட்டியே இருக்கறது டைமெத்தில் பாலிசிலாக்ஸேன் பூசின காலம், அதாவது நான்-போலார். அது ஏறக்குறைய கொதிநிலை வரிசைலதான் பொருளை வெளிய அனுப்பும். இப்ப பாருங்க, பாரா சைலீன் 138.4 டிகிரில கொதிக்குது, மெட்டா 139.1 டிகிரில. முக்கால் டிகிரி கூட வித்தியாசம் இல்ல, அதனால ரெண்டும் ஒரே பீக்காதான் வரும், ப்ரோக்ராமை எப்படி மாத்தினாலும் அதுல பெரிய மாற்றம் இருக்காது.

அதனால வாக்ஸ் காலம் எடுத்துக்குங்க, உள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால் பூசியிருக்கும். 30 மீட்டர் நீளம், 0.25 மில்லிமீட்டர் உள்விட்டம், 0.25 மைக்ரான் படலம், இது போதும். இந்தப் பூச்சு பென்சீன் வளையம் இருக்கற மூலக்கூறுகளைப் பிடிச்சு வச்சுக்கும், ஆல்கேனை சீக்கிரம் விட்டுடும். எந்த அளவுக்குன்னா 151 டிகிரில கொதிக்கற நோனேன், 80 டிகிரில கொதிக்கற பென்சீனுக்கு முன்னாடியே வெளிய வந்துடும்! பெட்ரோல்ல இருக்கற ஆல்கேன்ல பெரும்பகுதி நோனேனை விட லேசானதுதான், அதனால அந்தக் கூட்டம் மொத்தமும் ஆரம்பத்துலயே போயிடும், அப்புறம் பென்சீன், டொலுவீன், எத்தில் பென்சீன், பாரா, மெட்டா, ஆர்த்தோ சைலீன்னு வரிசையா வரும்.

எத்தனாலைக் கழுவி எடுங்க

இந்த ஸ்டெப்பைத் தயவுசெஞ்சு தாண்டிடாதீங்க. இப்ப நம்ம பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்திருக்கு, வாக்ஸ் காலம்ல எத்தனால் பென்சீனுக்கு ரொம்பப் பக்கத்துல வரும். எத்தனால் பீக் மலை மாதிரி பெருசா நிக்கும்போது 1 சதவீத பென்சீன் அதோட சரிவுல ஒட்டிக்கிட்டு நிக்கும், சாஃப்ட்வேர் எங்க கோடு போட்டுப் பிரிக்குதோ அதுதான் உங்க பென்சீன் அளவுன்னு ஆயிடும். பீக்கோட அடி பேஸ்லைனைத் தொடாம நின்னாலோ, ஒரே சாம்பிளை மறுபடி ஓட்டும்போது பென்சீன் ஏரியா மட்டும் தாறுமாறா மாறினாலோ இதுதான் காரணமான்னு முதல்ல பாருங்க.

ஃப்ரிட்ஜ்ல குளிர வச்ச பெட்ரோல் 10 மில்லி, தண்ணி 10 மில்லி, மூடி போட்ட அளவுக் குழாய்ல எடுத்து ஒரு நிமிஷம் குலுக்குங்க, நடுவுல மூடியைக் கொஞ்சம் திறந்து ஆவியை வெளிய விடுங்க (பக்கத்துல நெருப்போ சூடான ஹாட்ப்ளேட்டோ இருக்கவே கூடாது, ஃப்யூம் ஹூட் உள்ள செய்யுங்க). அப்படியே நிக்க விட்டா எத்தனால் கீழ தண்ணில போயிடும், மேல பெட்ரோல் அடுக்கு நிக்கும். அந்த அடுக்கோட அளவைப் படிச்சு நோட்டுல எழுதுங்க, இது பின்னாடி கணக்குக்கு வேணும். மேல் அடுக்கை எடுத்து நீரற்ற சோடியம் சல்ஃபேட் போட்டு உலர்த்தி வயல்ல ஊத்தி உடனே மூடுங்க. மூடாம வச்சா லேசான பியூட்டேன், பென்டேன் பறந்துடும், மீதியில பென்சீன் சதவீதம் கூடின மாதிரி காட்டும்.

டெம்பரேச்சர் ப்ரோக்ராம்

```
40 °C, 5 min
5 °C/min → 120 °C
20 °C/min → 220 °C, 5 min
```

மொத்தம் 31 நிமிஷம். ஆரம்பத்துல 40ல நிறுத்தறது ஏன்னா பென்சீன் ஏரியால பிரிவு நல்லா கிடைக்கணும், அப்புறம் மெதுவா 5 டிகிரி வச்சு ஏத்தறது சைலீனுக்காக. 120க்கு மேல நமக்கு வேண்டியது எதுவும் இல்லயேன்னு அங்கயே நிறுத்திடாதீங்க, நாப்தலீன் மாதிரி கனமானது உள்ளயே தங்கிடும், அடுத்த ரன்ல ஊசி மாதிரி பீக்குகளுக்கு நடுவுல ஒண்ணு மட்டும் அகலமா மேடா வந்து நிக்கும். அப்படி வந்தா அது போன ரன்னோட மிச்சம்னு சந்தேகப்படுங்க, வெறும் ஐசோஆக்டேன் ஒரு ரன் ஓட்டினா தெரிஞ்சிடும். 220க்கு மேல வாக்ஸை ரொம்ப ஏத்தவும் வேண்டாம், பூச்சு சிதைஞ்சு பேஸ்லைன் ஏற ஆரம்பிக்கும்.

மெத்தட்ஸ்ல எழுதறது

படிக்கறவர் உங்ககிட்ட ஒரு கேள்வி கூட கேக்காம அதே ரன்னைத் திரும்ப ஓட்ட முடியணும், அதுதான் அளவுகோல். இப்படி எழுதலாம்:

"10 மிலி பெட்ரோல் 10 மிலி நீரால் கழுவப்பட்டு நீரற்ற சோடியம் சல்ஃபேட்டால் உலர்த்தப்பட்டது. பாலிஎத்திலீன் கிளைக்கால் காலம் (30 மீ × 0.25 மிமீ × 0.25 மைக்ரான்), ஹீலியம் 1 மிலி/நிமிடம். இன்ஜெக்டர் 250 °C, ஸ்ப்ளிட் 100:1, 0.2 மைக்ரோலிட்டர். டிடெக்டர் எஃப்ஐடி, 250 °C. ஒவ்வொரு சாம்பிளும் மூன்று முறை செலுத்தப்பட்டது."

இதுக்குக் கீழ ப்ரோக்ராம், அப்புறம் ஐசோஆக்டேன்ல கலந்த பென்சீன் ஸ்டாண்டர்டுகள் (கன அளவுல 0.5, 1, 1.5, 2 சதவீதம்). "நல்லா பிரிஞ்சது" அப்படிங்கற வரி இங்க வரவே கூடாது, அது ரிசல்ட்ஸ்.

ரிசல்ட்ஸ்ல எழுதறது

"பீக்குகள் தெளிவாகப் பிரிந்தன"ன்னு மட்டும் எழுதினா யாரும் ஒத்துக்க மாட்டாங்க, ரெசல்யூஷனை நம்பரா குடுங்க. பாதி உயரத்துல பீக்கோட அகலத்தை எடுத்துக்கிட்டா சூத்திரம் இது:

```
Rs = 1.18 × (t2 − t1) / (w1 + w2)
```

உதாரணத்துக்கு பாரா 8.92, மெட்டா 9.05 நிமிஷம், அகலம் 0.050, 0.052 நிமிஷம்னு வச்சுக்குங்க. 1.18 × 0.13 ÷ 0.102, அதாவது 1.50. ஏறக்குறைய சம உயரமுள்ள ரெண்டு பீக் பேஸ்லைன் வரைக்கும் பிரிஞ்சிருக்குன்னு சொல்ல 1.5 வேணும், ஆக இது சரியா விளிம்புல நிக்குது. அவசரப்பட்டு வேகமா சூடு ஏத்தி இடைவெளி 0.07 ஆகி, அகலம் 0.045, 0.046 ஆச்சுன்னா 0.91தான் வரும். பீக் ஒல்லியா அழகா தெரியும், ஆனா நடுவுல பள்ளம் பேஸ்லைனைத் தொடாது.

அடுத்தது பென்சீன் கணக்கு. கழுவின பிறகு 10 மில்லி பெட்ரோல் 8.0 மில்லி ஆயிடுச்சு, ஸ்டாண்டர்ட் கோட்டுல இருந்து பென்சீன் 1.05 சதவீதம்னு வருதுன்னு வச்சுக்குவோம். இதை அப்படியே எழுதினா சாம்பிள் ஃபெயில். ஆனா எத்தனால் போனதால பென்சீன் செறிவாகியிருக்கு, உண்மையான பெட்ரோல்ல இருந்தது 1.05 × 8.0 ÷ 10, அதாவது 0.84 சதவீதம், சாம்பிள் பாஸ். ரெண்டு நம்பரையும் ரிசல்ட்ஸ்ல குடுத்து எப்படி மாத்தினீங்கன்னு ஒரு வரி எழுதிடுங்க, ஏன்னா பங்க் சாம்பிள்னா இந்த ஒரு வரில ஒருத்தரோட லைசென்ஸே அடங்கியிருக்கலாம்.

பீக்குக்குப் பேர் வைக்கறப்பவும் கவனமா இருங்க. எஃப்ஐடி எந்த ஹைட்ரோகார்பன் எரிஞ்சாலும் சிக்னல் குடுக்கும், இன்னார்னு சொல்லாது, ரிட்டென்ஷன் டைம் ஸ்டாண்டர்டோட பொருந்துதுன்னு மட்டும்தான் நீங்க எழுதலாம். குறிப்பா மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலா இருந்தா கனமான ஆல்கேன் நிறைய உள்ள வரும், டெக்கேன் பென்சீனுக்கும் டொலுவீனுக்கும் நடுவுல, அண்டெக்கேன் எத்தில் பென்சீனுக்குக் கொஞ்சம் முன்னாடி, டோடெக்கேன் ஆர்த்தோ சைலீன் பக்கத்துல வந்து உக்காந்துக்கும். வழக்கமா காலியா இருக்கற இந்த இடங்கள்ல பீக் தெரிஞ்சா அந்த சாம்பிளை நான்-போலார் காலம்லயும் ஒரு தடவை ஓட்டுங்க, அங்க நேர்ச்சங்கிலி ஆல்கேன்கள் வரிசையா எழும்பி நிக்கறது தனியா தெரியும், ரெண்டு குரோமேட்டோகிராமையும் மேல கீழ வச்சு ஒரே படமா ரிப்போர்ட்ல போடுங்க.