தைராய்டு ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி? டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்

டி.எஸ்.எச். என்ற ஹார்மோனைத் தைராய்டு சுரப்பதில்லை, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பது. தைராய்டுக்குப் போகும் கட்டளை அது. இதை மனதில் வைத்துக்கொண்டால் ரிப்போர்ட்டில் பாதி புரிந்துவிடும்.

படி 1: சுற்றை வரைந்துகொள்ளுங்கள்

மூளையின் ஒரு பகுதியான ஹைபோதலாமஸ் டி.ஆர்.எச். என்ற ஹார்மோனை அனுப்பி பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி டி.எஸ்.எச். விடுகிறது. அது தைராய்டைத் தூண்ட, தைராய்டு பெரும்பாலும் டி4 என்ற ஹார்மோனையும் கொஞ்சம் டி3-ஐயும் சுரக்கிறது. ரத்தப் புரதங்களோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் டி4-தான் ரிப்போர்ட்டில் வரும் ஃப்ரீ டி4. இவை ரத்தத்தில் போதுமான அளவு சேர்ந்ததும் மேலே உள்ள இரண்டையும் அடக்குகின்றன. ஆகவே டி4 குறைந்தால் டி.எஸ்.எச். ஏற வேண்டும், டி4 கூடினால் டி.எஸ்.எச். இறங்க வேண்டும்.

படி 2: எது முதலில் அசையும் என்று பாருங்கள்

பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். லிட்டருக்கு சுமார் 0.4 முதல் 4.0 மில்லி யூனிட். ஃப்ரீ டி4 டெசிலிட்டருக்கு சுமார் 0.8 முதல் 1.8 நானோகிராம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும், கர்ப்ப காலத்தில் வரம்பே வேறு. எனவே உங்கள் ரிப்போர்ட்டில் அச்சிட்ட வரம்பையே பாருங்கள்.

பிட்யூட்டரி மிகவும் நுட்பமாக உணரும். ஃப்ரீ டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். நூறு மடங்கு வரைகூட ஏறலாம். அதனால்தான் ஃப்ரீ டி4 1.0 என்று வரம்புக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச். 7 என்று வரும். வேறொருவருக்கு 1.0 போதும்; இவருடைய பிட்யூட்டரிக்கு அது போதவில்லை. இது தைராய்டு தளரத் தொடங்கும் நிலை. டி.எஸ்.எச். தற்காலிகமாகவும் ஏறுவதுண்டு என்பதால், சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

படி 3: எண் நார்மலா என்பதோடு நிறுத்தாதீர்கள்

ஃப்ரீ டி4-ஐப் பார்த்துவிட்டு, 'இந்த அளவுக்கு டி.எஸ்.எச். எப்படி இருக்க வேண்டும்?' என்று கேளுங்கள்.

ஃப்ரீ டி4 0.5, டி.எஸ்.எச். 30 என்றால் கட்டளை சரியாகப் போகிறது, தைராய்டுதான் செய்யவில்லை. ஃப்ரீ டி4 2.9, டி.எஸ்.எச். 0.01 என்றால் தைராய்டு கட்டளை இல்லாமலே சுரக்கிறது, அல்லது மாத்திரை அதிகமாகிவிட்டது.

ஃப்ரீ டி4 0.5, டி.எஸ்.எச். 2.0 என்றால்? பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 2.0 வரம்புக்குள் இருப்பதால் டி.எஸ்.எச். மட்டும் பார்த்தவர் 'நார்மல்' என்று விட்டுவிடுவார். டி4 இவ்வளவு குறைந்தும் டி.எஸ்.எச். ஏறவில்லை என்றால் பிட்யூட்டரியையோ ஹைபோதலாமஸையோ சந்தேகிக்க வேண்டும். கடுமையான வேறு நோயில் படுத்திருப்பவருக்கும் இப்படி வரலாம். பிட்யூட்டரிக் கோளாறு என்றால் தைராய்டு மாத்திரை தொடங்கும் முன் அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசால் பார்ப்பது கட்டாயம். அது குறைவாக இருக்கும்போது தைராக்சின் மட்டும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. இவர்களுக்கு மாத்திரை அளவைத் தீர்மானிப்பதும் ஃப்ரீ டி4-தான், டி.எஸ்.எச். பயன்படாது.

படி 4: எப்போது எடுத்த ரத்தம் என்று பாருங்கள்

தைராய்டு தளர்ந்த ஒருவருக்கு டி.எஸ்.எச். 24, ஃப்ரீ டி4 0.6. டி4 மாத்திரையான லெவோதைராக்சின் தொடங்குகிறார். 2 வாரத்தில் பொறுமையிழந்து டெஸ்ட் எடுக்கிறார்: ஃப்ரீ டி4 1.05, டி.எஸ்.எச். 11. 'இன்னும் அதிகம்தானே' என்று அளவைக் கூட்டினால் தவறு.

டி4-இன் அரை ஆயுள், அதாவது உடலில் உள்ளது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறக்குறைய 7 நாள். 2 வாரத்தில் போக வேண்டிய தூரத்தில் முக்கால்வாசிதான் கடந்திருக்கும். 5 வாரத்தில்தான் கிட்டத்தட்ட நிலைக்கு வரும். நீண்ட நாள் குறைவுக்குப் பழகிய பிட்யூட்டரியும் மெதுவாகத்தான் அடங்கும். அதே மாத்திரையைத் தொடர்ந்து 6 முதல் 8 வாரத்தில் பார்த்தால் ஃப்ரீ டி4 1.2, டி.எஸ்.எச். 2.4 என்று நிற்கலாம். அவசரப்பட்டுக் கூட்டியிருந்தால் டி.எஸ்.எச். 0.1-க்கு இறங்கி, படபடப்பு வந்திருக்கும்.

எதிர்ப்பக்கமும் இதே தாமதம் உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தவருக்குச் சிகிச்சையில் ஃப்ரீ டி4 சரியான பிறகும் டி.எஸ்.எச். சில வாரங்கள், சில சமயம் மாதங்கள் அடங்கியே கிடக்கும். அந்தக் காலத்தில் ஃப்ரீ டி4, டி3 இரண்டையும் நம்புங்கள்.

படி 5: இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால்

டி.எஸ்.எச். 15, ஃப்ரீ டி4 1.9. மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள். பல வாரம் விட்டுவிட்டு, டெஸ்டுக்கு முந்தைய சில நாள் மட்டும் விழுங்கினால் இப்படித்தான் வரும். டி.எஸ்.எச். கடந்த வாரங்களைக் காட்டும். ஃப்ரீ டி4 அண்மைய மாத்திரைகளைக் காட்டும். மாத்திரை போட்ட சில மணி நேரம் அது சற்று உயர்ந்தும் இருக்கும். அதனால் டெஸ்ட் நாளில் ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை போடச் சொல்வார்கள்.

மாத்திரையே சாப்பிடாதவருக்கு இப்படி வந்தால் வேறு முறையில் மறுபடி பரிசோதிக்க வேண்டும். ரத்தத்தில் உள்ள சில எதிர்ப்பொருள்கள் கருவியை ஏமாற்றும். அது இல்லை என்று தெரிந்த பிறகே, டி.எஸ்.எச். சுரக்கும் பிட்யூட்டரிக் கட்டியா, ஹார்மோனுக்கு உடல் செவிசாய்க்காத மரபுக் குறையா என்று தேடுவார்கள்.